ஒரே ஒரு தடவை அடித்த போன்

கேஸ் ஹீட்டர் விற்கும் அந்தக் கடையில் அவளுக்குப் பெயர் எக்ஸ்ரே அக்கா. வைத்தவர் மெக்கானிக் அண்ணன். அவர் சர்வீஸ் சீட்டில் “இரண்டு மணி நேர வேலை” என்று எழுதிக்கொண்டு வந்தால், சீட்டைப் பார்க்க மாட்டாள், அவர் சட்டையைத்தான் பார்ப்பாள். “ரெண்டு மணி நேரம் ஹீட்டரைக் கழட்டின ஆளு சட்டையா அண்ணே இது?” என்று கேட்பாள். அவரும் சிரித்துக்கொண்டே இரண்டை அடித்து ஒன்று என்று எழுதிவிடுவார். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். பால் பாக்கெட்டில் தேதியைப் படித்துவிட்டு, அதையும் நம்பாமல் முகர்ந்து பார்ப்பாள். “கல்யாணத்தன்னைக்கு என் முகத்தையே டார்ச் அடிச்சுப் பார்த்தவ” என்று அவள் புருஷன் சொல்வது சுத்தப் பொய். ஆனால் கேட்டவர்கள் யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை.

பதினேழு வருஷமாக அந்த முன்மேசை அவளுடையது. விற்ற ஹீட்டர், வாங்கியவர் பெயர், வீடு, போன், எந்த மாடல், எந்த வருஷம், எல்லாம் அவள் கையால் ஏறியவை. முதலில் நோட்டில் இருந்தது, பிறகு கம்ப்யூட்டருக்குப் போனது. நோட்டிலிருந்து ஏற்றியபோது ஒரு தடவை, பழைய கம்ப்யூட்டரிலிருந்து புதியதற்கு மாற்றியபோது ஒரு தடவை, கிளைக் கடையை மூடிவிட்டு அவர்கள் பட்டியலை இதோடு சேர்த்தபோது ஒரு தடவை என்று அது மூன்று தடவை குட்டி போட்டிருந்தது. ஒரே ஆள் நாலு விதமாக இருந்தார். ஒரு வரியில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் இனிஷியலே இல்லை, நாலாவதில் “மாடி வீட்டு சார்”. மொத்தம் நாலாயிரத்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள்.

வருஷா வருஷம் சர்வீஸ் ஞாபகப்படுத்தும் மெசேஜ் போகும்போது அந்த சாருக்கு நாலு தடவை போகும். அவரும் சலிக்காமல் நாலு தடவை போன் பண்ணித் திட்டுவார்.

இப்படியே ஓடியிருக்கும். ஆனால் அந்தத் திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. குறிப்பிட்ட ஒரு மாடலில், ஹீட்டரிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய் சேரும் இடத்தில் ஒரு வளையம் இருக்கிறது. சூட்டில் அது பிளந்துவிடுகிறதாம். பிளந்தால் புகை வெளியே போகாமல் குளியலறைக்குள்ளேயே தங்கும். அதில் இருக்கும் விஷ வாயுவுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தலை வலிக்கும், தூக்கம் வரும், பிறகு எழுந்திருக்க மாட்டார்கள். வளையத்தை மாற்றும்வரை யாரும் ஹீட்டரைப் போடக் கூடாது, வாடிக்கையாளர் ஒருவர் விடாமல் தகவல் சொல்ல வேண்டும் என்று கம்பெனி எழுதியிருந்தது.

“ஒருத்தர் விடாமன்னா, முதல்ல யாரு யாருன்னு தெரியணுமே அக்கா” என்றாள் சின்ன மேடம். முதலாளியின் மகள். அப்பாவுக்கு முழங்கால் முடியாமல் போனதால் ஆறு மாதமாகக் கடையைப் பார்த்துக்கொள்கிறாள். “இந்த லிஸ்டை வச்சு மெசேஜ் அனுப்புனா பாதி திரும்பி வந்துடும். சாட்பாட்டுல போட்டுச் சுத்தம் பண்ணிடலாம். ரெண்டே நாள்.”

எக்ஸ்ரே அக்கா திரையில் இருந்த சாட்பாட்டின் பெட்டியை ஏற இறங்கப் பார்த்தாள். சொந்தக்காரப் பெண்ணைக் கேட்டு வந்தவர்களை அவள் பார்க்கும் பார்வை அது.

“ஊரு ஜனத்தோட போன் நம்பரை எல்லாம் இதுக்கிட்ட குடுக்கறதா? அது யாருக்கிட்ட குடுக்கும்?”

“இது ஆபீஸுக்குன்னு காசு கட்டி வாங்கினது அக்கா. நாம குடுக்கறத வெளியே விட மாட்டோம்னு அவங்க ஒப்பந்தம் போட்டிருக்காங்க.”

“ஒப்பந்தம் எல்லாருந்தான் போடறாங்க” என்றாள் அவள். ஆனாலும் உட்கார்ந்தாள். உட்காருவதற்கு முன் இரண்டு காரியம் செய்தாள். மூலப் பட்டியலை அப்படியே ஒரு பென் டிரைவில் எடுத்து, சாப்பாட்டுப் பைக்குள் டப்பாவுக்கு அடியில் போட்டுக்கொண்டாள். அப்புறம் ஒவ்வொரு வரிக்கும் ஒன்றிலிருந்து தொடங்கி ஒரு எண் கொடுத்தாள். எது எங்கே போனாலும் எண் காட்டிக்கொடுத்துவிடும் என்பது கணக்கு.

பட்டியல் பெரியது என்பதால் ஐந்து துண்டாகக் கொடுத்தார்கள். முதல் துண்டு தொள்ளாயிரம் வரி. எல்லாமே பழைய வாடிக்கையாளர்கள். சாட்பாட் ஒரு நிமிஷத்துக்குள், “முடித்துவிட்டேன். இரட்டிப்பாக இருந்த 112 வரிகளை இணைத்தேன். ஒவ்வொரு குழுவிலும் விவரம் அதிகமாக உள்ள வரியை வைத்துக்கொண்டேன்” என்றது.

“பாத்தீங்களா!” என்றாள் சின்ன மேடம்.

எக்ஸ்ரே அக்கா பார்க்கவில்லை. கால்குலேட்டரை எடுத்தாள். தொள்ளாயிரத்தில் நூற்றுப் பன்னிரண்டு போனால் எழுநூற்று எண்பத்தெட்டு. கோப்பில் இருந்தது எழுநூற்று எழுபத்தொன்று.

“பதினேழு பேர் எங்கேன்னு கேளுங்க.”

கேட்டார்கள். “மன்னிக்கவும். பெயர் காலியாக இருந்த 17 வரிகளையும் நீக்கியிருந்தேன். அதைக் குறிப்பிடத் தவறிவிட்டேன்” என்றது. பெயர் இல்லாவிட்டால் என்ன, வீடும் போனும் இருக்கின்றனவே! பதினேழையும் திரும்ப வாங்கி வைத்தாள். அன்றிலிருந்து அது எதைச் சொன்னாலும் எண்ணிப் பார்க்காமல் தலையாட்டுவதில்லை என்று முடிவு செய்துகொண்டாள். மன்னிப்புக் கேட்கும் குரலும் தப்பு செய்யும் குரலும் அதற்கு ஒன்றாகவே இருந்தது அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

இரண்டாவது துண்டில்தான் பெரிய வேட்டை. அச்சு அசலாக ஒரே பெயர், ஒரே இனிஷியல், ஒரே தெரு, ஒரே போன் என்று இரண்டு வரி இருந்தன. சாட்பாட் ஒன்றாக்கிவிட்டது. எக்ஸ்ரே அக்கா எண்ணைப் பிடித்துக்கொண்டு மூலத்தைப் பார்த்தாள். ஒன்று கீழ் வீடு, ஒன்று மாடி. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்திருந்தார்கள். போன் மட்டும் வீட்டுக்குப் பொதுவாக ஒன்று. ஹீட்டர் இரண்டு.

இன்னொரு இடத்தில் ஒரு வீட்டின் கதவு எண்ணையே காணோம். தேடினால், பொருத்திய தேதி என்ற இடத்தில் மார்ச் ஐந்து என்று உட்கார்ந்திருந்தது. கதவு எண் ஐந்தின் கீழ் மூன்று. அதை என்றைக்கோ எக்செல் தானாகத் தேதியாக்கி வைத்திருக்கிறது. சாட்பாட் வந்து, தேதி தேதி இருக்க வேண்டிய இடத்துக்குப் போகட்டும் என்று மரியாதையாக நகர்த்திவிட்டது. ஒரு போன் நம்பரில் ஒரு இலக்கம் குறைந்திருந்தது. அதற்கு அதுவாகவே முன்னால் ஒன்றைச் சேர்த்து நிரப்பி வைத்திருந்தது. “இது உனக்கு எப்படித் தெரியும்?” என்று தட்டினாள். “இந்தப் பகுதியின் மற்ற எண்களைப் பார்த்து ஊகித்தேன்” என்றது.

“ஊகிச்சா ஊகிச்சேன்னு முதல்லயே சொல்ல வேண்டியதுதானே? வாய்ல என்ன கொழுக்கட்டையா?” என்று திரையைப் பார்த்து அதட்டினாள். மெக்கானிக் அண்ணன் எட்டிப் பார்த்து, “யாரை அக்கா திட்டறீங்க, என்னையா?” என்றார்.

அதன்பின் சட்டங்கள் போட்டாள். சொன்னது அவள், தட்டியது சின்ன மேடம். நீயாக எதையும் இணைக்காதே, இணைக்கலாம் என்று காட்டு, காரணத்தைப் பக்கத்தில் எழுது. போன் ஒன்றாக இருந்து பெயரோ வீடோ வேறாக இருந்தால் தொடவே கூடாது, தனியாக எடுத்து வை. காலி இடத்தைக் காலியாகவே விடு. ஊகம் என்றால் ஊகம் என்று எழுது.

சும்மா சொல்லக் கூடாது, அதன் பிறகு ஒழுங்காகத்தான் செய்தது. சந்தேகமான ஐம்பத்தெட்டு கும்பலைப் பிரித்துக் கொண்டுவந்து வைத்தது. “மூலை வீட்டு அம்மா” என்று மட்டும் எழுதியிருந்தவர் யார் என்று அவளுக்கே தெரியாததைக்கூட, வீட்டு எண்ணையும் ஹீட்டர் வாங்கிய தேதியையும் வைத்துக் காட்டிக்கொடுத்தது. அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

“முதல் துண்டுக்கும் இதே சட்டத்தைப் போடு” என்று தட்டினாள் சின்ன மேடம்.

“சரி. புதிய விதிகளை எல்லாத் துண்டுகளுக்கும் பொருத்திவிட்டேன்” என்றது.

“திறந்து ஒரு தடவை பாத்துடலாமா அக்கா?”

அங்கேதான் எக்ஸ்ரே அக்கா, பாலை முகர்ந்து பார்க்கிற எக்ஸ்ரே அக்கா, “வேணாம் மேடம், அதான் சொல்லுதே” என்றாள்.

காரணம் இருந்தது. போன் நம்பர் இல்லாமல் ஒரு வரியைக்கூடச் சேமிக்க விடாது அந்தப் பழைய கம்ப்யூட்டர். போன் இல்லாதவர்கள் ஹீட்டர் வாங்கக் கூடாதா? நம்பர் தர மாட்டேன் என்கிறவர்களை என்ன செய்வது? ஆரம்பத்தில் ஒரு நாள், வாடிக்கையாளர் எதிரே காத்துக்கொண்டிருக்க, அவசரத்துக்குத் தன் சொந்த நம்பரையே போட்டுவிட்டாள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. வருஷா வருஷம் மெசேஜ் போகும் நாளில் அவள் பைக்குள் போன் முப்பது தடவைக்கு மேல் அடிக்கும். வரிக்கு ஒரு மெசேஜ், ஒவ்வொன்றிலும் ஒருவர் பெயர். அவள் அதை ஒரு சீட்டில் எழுதி மெக்கானிக் அண்ணனிடம் கொடுப்பாள். “இந்தப் பக்கம் போறப்ப இவங்களுக்கு வாயால சொல்லிடுங்கண்ணே.” அவரும் ஏன் என்று கேட்டதில்லை. அந்த வரிகள் மொத்தமும் முதல் துண்டில் இருந்தன, திறந்தால் அவள் நம்பர் வரிசையாகத் தெரியும். தப்பான நம்பரை வேண்டுமென்றே போட்டவள் என்று சின்ன மேடம் முன்னால் நிற்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதுதான் உண்மை. ஊரையே சந்தேகப்படுகிறவளுக்குத் தன் மேசையை மட்டும் யாரும் திறந்துவிடக் கூடாது.

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு மெசேஜ் போனது. இந்த மாடல் இருந்தால் ஹீட்டரைப் போடாதீர்கள், உடனே கடையைக் கூப்பிடுங்கள். சின்ன மேடம் பட்டனைத் தட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். கடை போன் உடனே அலற ஆரம்பித்தது.

எக்ஸ்ரே அக்காவின் பைக்குள் போன் ஒரு தடவை அடித்தது.

அவள் காத்திருந்தாள். நாலு பேருக்குப் பதில் சொல்லி, மாடல் கேட்டு, வரும் நேரம் எழுதினாள். பைக்குள் சத்தமே இல்லை. போனை எடுத்துப் பார்த்தாள். ஒரே மெசேஜ், மேலே அவள் பெயர். அவளும் அந்த மாடல் ஒன்றை ஊழியர் விலையில் வாங்கி வீட்டில் மாட்டியிருந்தாள். அவள் வரியில்தான் எல்லா இடமும் பிசிறில்லாமல் நிரம்பியிருந்தது. விவரம் அதிகமாக உள்ள வரியை வைத்துக்கொண்டேன் என்று அது முதல் நாளே சொன்னதே! ஒரே போன் என்பதால் அத்தனை பேரையும் அவளுக்குள் போட்டு மூடிவிட்டது. புதுச் சட்டத்தை முதல் துண்டுக்குப் போட்டுவிட்டேன் என்று சொன்னதோடு சரி, போடவே இல்லை.

சாப்பாட்டுப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்து மாட்டினாள். மூலப் பட்டியலில் தன் நம்பரைத் தேடினாள். தன்னைத் தவிர முப்பத்தொரு வரிகள். முப்பத்தொரு வீடு. இந்நேரம் அங்கே யாராவது குழாயைத் திறந்திருப்பார்கள்.

எழுந்து போய்ச் சின்ன மேடம் முன்னால் நின்றாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

சின்ன மேடம் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். “இத்தனை வருஷமா உங்க நம்பரா?”

“ஆமா மேடம்.”

“நேத்து நான் திறந்து பாக்கலாமான்னு கேட்டேன்.”

“கேட்டீங்க.”

“அது பொய் சொல்லுச்சு. நீங்க வாயை மூடிக்கிட்டீங்க. நானும் உங்க வார்த்தையை நம்பி விட்டுட்டேன்.” கோபம்தான். ஆனால் கார் சாவியை எடுத்துக்கொண்டே சொன்னாள். “திட்டறத அப்புறம் வச்சுக்கறேன். லிஸ்டைப் பிரிண்ட் எடுங்க. மூணாப் பிரிக்கலாம். என் கார், கடை வேன், அண்ணன் வண்டி.”

மெக்கானிக் அண்ணன் ஸ்கூட்டரின் பின்னால், கம்பெனி கடிதத்தோடு அனுப்பியிருந்த புது வளையப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எக்ஸ்ரே அக்கா ஏறினாள். அவர்கள் பங்குக்குப் பத்து வீடு. இரண்டு வீட்டில் ஆள் மாறிவிட்டார்கள், ஹீட்டர் மட்டும் அப்படியே இருந்தது. ஒரு வீட்டில் அவர்களை உட்கார வைத்து, பல்லில்லாத ஒரு பெரியவர் ஹீட்டர் வாங்கிய கதையை முதலிலிருந்து சொன்னார். மூன்று வீட்டில் வளையம் மாற்றினார்கள். சாப்பிட நேரமில்லை. நாலே காலுக்கு மீதி இருந்தது ஒரே ஒரு வீடு. ஓவிய டீச்சர் வீடு.

அந்த டீச்சரை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் கவுண்டரில் நின்று, “போன் இருக்கு. ஆனா நம்பர் தர மாட்டேன். யாரு யாரு கைக்குப் போகுமோ” என்று சொன்னவர். அன்றைக்கு எக்ஸ்ரே அக்காவுக்கு அவரைப் பார்த்து மரியாதை பொங்கியது. தன் இனத்துக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில்தான் தன் நம்பரைப் போட்டாள்.

இப்போது அதே டீச்சர் சங்கிலியைக் கழற்றாமல் கதவிடுக்கில் நின்றார். முகம் வெளிறியிருந்தது.

“ஹீட்டர் கடையிலேருந்து வரோம் டீச்சர். ஒரு வளையம் மாத்தணும். அதுவரைக்கும் சுடுதண்ணி போடாதீங்க.”

“நான் யாரையும் வரச்சொல்லலையே.”

“கம்பெனியே சொல்லியிருக்கு. மெசேஜ் அனுப்பியிருக்கோம்.”

“எனக்கா? என் நம்பர் உங்ககிட்ட கிடையாதே. எங்கே, காட்டுங்க.”

எக்ஸ்ரே அக்கா போனை நீட்டினாள். டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்து படித்தார்.

“இதுல வேற யாரோ பேர் இருக்கு.”

“அது என் பேருதான் டீச்சர். உங்க பேர் இருந்திருக்க வேண்டிய இடம். உங்க நம்பருக்குப் பதிலா என் நம்பரைப் போட்டது நான். நீங்களும் நானும் ஒரே ஆளுன்னு கம்ப்யூட்டர் நினைச்சுடுச்சு. அதைச் சொல்லத்தான் நேர்ல வந்தேன்.”

வீடு வீடாக வந்து ஏமாற்றுகிறவர்கள் இப்படி ஒரு கதையைச் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, டீச்சர் சங்கிலியைக் கழற்றினார்.

மெக்கானிக் அண்ணன் குளியலறைக்குப் போனார். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “ஒரு வாரமா குளிச்சிட்டு வந்தாலே தலைவலி. டாக்டர் கண்ணாடியை மாத்தச் சொன்னாரு. அவர் மேலதான் சந்தேகப்பட்டுட்டிருந்தேன்.”

உள்ளேயிருந்து அண்ணன் வந்தார். கையில் வளையம் இரண்டு துண்டாக இருந்தது. எப்போதும் ஏதாவது கேலி பேசுகிறவர், அதை மேசை மேல் வைத்துவிட்டுப் பேசாமல் ஜன்னல்களைத் திறந்தார்.

“முதல்ல டாக்டர்கிட்ட போகணும் டீச்சர். புகையைச் சுவாசிச்சிருக்கீங்கன்னு அவர்கிட்ட சொல்லுங்க. நாங்களே கூட்டிட்டுப் போறோம்” என்றாள் எக்ஸ்ரே அக்கா. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் என்ற நினைப்பை அவளால் முடிக்க முடியவில்லை.

டீச்சர் அந்தத் துண்டுகளைப் புரட்டிப் பார்த்தார். பிறகு அவள் கையில் இருந்த போனைப் பார்த்தார். “எல்லார் வீட்டுக்கும் அலைஞ்சியேம்மா. மெசேஜ் உன் பேருக்குத்தானே வந்திருக்கு. உங்க வீட்டுல மாத்திட்டியா?”

எக்ஸ்ரே அக்கா போனைத் திருப்பி அந்தப் பெயரைப் பார்த்தாள். காலையிலிருந்து அந்த மெசேஜை இருபது தடவையாவது பார்த்திருப்பாள். அதில் யார் யார் பெயர் இல்லை என்றுதான் பார்த்தாள்.

மணி நாலரை. அச்சகத்தில் காலை ஷிப்ட் முடிந்து புருஷன் வீட்டுக்கு வரும் நேரம். வந்ததும் கை மையைக் கழுவச் சுடுதண்ணியில் குளிப்பார். புறா வருகிறது என்று குளியலறை ஜன்னலை ஆணி அடித்து மூடியதும் அவரேதான்.

போன் போட்டாள். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். மெக்கானிக் அண்ணன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். நான்காவது தடவையில் புருஷன் எடுத்தார்.

“என்னடி, உயிரு போற மாதிரி? குளிச்சிட்டிருக்கேன்.”

“வெளியே வாங்க.”

“தலையெல்லாம் சோப்பு.”

“சோப்போட வாங்க. ஹீட்டரை அணைச்சுட்டு இப்பவே வெளியே வாங்க. கதவைத் திறந்து வையுங்க.”

“என்ன ஆச்சு? இன்னைக்கு யார் மேல சந்தேகம்?”

“என் மேலதான்” என்று கத்தினாள். “வெளியே வந்துட்டீங்களா?”

மறுமுனையில் தாழ்ப்பாளை நீக்கும் சத்தம் கேட்டது. ஈரக்கால் தரையில் நடக்கும் சத்தம் கேட்டது. “வந்துட்டேன், வந்துட்டேன். வாசல்ல துண்டோட நிக்கிறேன், எதிர் வீட்டுல எல்லாரும் பாக்கறாங்க” என்றார் அவர்.

“அங்கேயே நில்லுங்க” என்றாள் அவள். “நான் வந்து கண்ணால பாக்கறவரைக்கும் பேசிக்கிட்டே இருங்க.”